பரிபூரணத்தின் பெயர் இல்லாத அட்டவணை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹோட்டலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒற்றை ஆளாக நடத்தினேன். ஒற்றை ஆள் என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். வாராவாரம் அங்கே சாப்பிடப் போகும் டீச்சர் நான்; அன்று செய்ததெல்லாம் இரண்டாம் மேசைக்குத் தண்ணீர் வைத்தது. நடத்தியவள் பரிபூரணம்.

பதினோரு வருடங்களுக்கு முன் சுந்தரபாண்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அங்கே தட்டு கழுவச் சேர்ந்தவள். யாரும் அவளுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. கழுவிக்கொண்டே பார்த்துப் பழகினாள். இப்போது அவள் இடம் சமையலறை வாசல். சர்வர்கள் தரும் சீட்டுகளை வாங்கி, எந்த மேசைக்கு எது முதலில், எந்த நாலு தோசையைச் சேர்த்து ஊற்றலாம் என்று பார்த்து உள்ளே குரல் கொடுப்பாள். சீட்டைத் திரும்பப் பார்க்க மாட்டாள். எல்லாம் தலைக்குள் இருக்கும்.

ஆடி மாதம் ஒரு நாள் தோசை மாஸ்டர் பாண்டிதுரை சொல்லாமல் லீவு போட்டுவிட்டார். அவர் கல்லை வேறு யாரும் தொட்டதில்லை. ஒரு மணி நேரம் வெறும் இட்லிதான்; பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. ராஜபாளையத்திலிருந்து வந்த முதலாளி சுப்புராஜ் சத்தமே போடவில்லை. "இன்னொரு நாள் இப்பிடி நின்னா ஷட்டரை இறக்கிருவேன்மா" என்றார். உள்ளே ஒன்பது பேருக்குச் சம்பளம்.

மறுநாளே பரிபூரணம் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டினாள். மேலே வேலைகள், பக்கத்தில் பெயர்கள். கூட்டம் இல்லாத மதியம் மூன்று மணிக்கு ஆள் மாற்றி நிறுத்தினாள். ஒரு நாள் பார்க்க வேண்டும், மறுநாள் மாஸ்டர் பக்கத்தில் நிற்கச் செய்ய வேண்டும், பிறகு தனியாக. தனியாகச் செய்து தேறியவர் பெயருக்கு நேரே ஒரு டிக். சர்வர் அக்சா தோசைக்கல்லில் தேறினாள். இட்லி அவிக்கும் மெர்வின் பில் போடவும் பழகினான். பாண்டிதுரை மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, பிறகு தானே, "கல்லு காஞ்சிருச்சான்னு தண்ணியத் தெளிச்சுப் பாருட்டி, மாவை ஊத்திப் பாக்காத" என்று அக்சாவை அதட்டினார்.

அந்த ஞாயிறு ஏழு மணிக்கு பாண்டிதுரையிடமிருந்து போன் வந்தது. வன்னியம்பட்டியில் மச்சினன் இறந்துவிட்டாராம். ஹோட்டலுக்கு வெளியே, கோயிலுக்கு வந்த இரண்டு வேன் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டு மணிக்கு சுப்புராஜ் வருவதாக இருந்தது.

அக்சா கரண்டியை எடுத்தாள். பரிபூரணம் அதை வாங்கிக்கொண்டாள்.

"நீ டேபிளைப் பாரு. இன்னைக்கு நான் நிக்கேன்."

"அக்கா, டிக் போட்டது நீங்கதான?"

"இன்னைக்கு வேண்டாம்ட்டி. மொதலாளி வருதாரு."

தோசை நன்றாகத்தான் வந்தது. ஆனால் சமையலறை வாசலில் ஆளில்லை. மெர்வின் ஓடி வந்து நின்று, சீட்டு வந்த வரிசையிலேயே கத்தினான். ஆறாம் மேசைக்கு மூன்று ஊத்தப்பம் இரண்டு தடவை போனது. நாலாம் மேசைக் குழந்தை வெறும் இலையைப் பார்த்து அழுதது. இட்லிப் பானையில் தண்ணீர் வற்றி அடி தீய்ந்த வாடை வந்தது; அவன் அங்கே ஓடினான், வாசல் மறுபடி காலி. கல்லுக்குப் பக்கத்தில் இருபது சீட்டு குவிந்தது. பரிபூரணம் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் அவற்றைப் புரட்டினாள். எண்ணெய்க் கையில் எழுத்து அழிந்தது. வேன்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

"ஏலே மெர்வின், அஞ்சாம் நம்பருக்கு என்னலே?"

"எனக்கு எப்பிடிக்கா தெரியும்? அது உங்க தலைக்குள்ளல்லா இருக்கு!"

அப்போதுதான் அவள் அட்டவணையைத் திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பெயர்கள். வாசல் வேலைக்குக் கட்டமே இல்லை. அவள் பெயரும் இல்லை. ஒரு தோசை கல்லிலேயே கருகியது. பிறகு கரண்டியை அக்சாவிடம் நீட்டிவிட்டு, மெர்வினை இட்லிப் பானைக்கு அனுப்பி, வாசலுக்கு வந்தாள். ஒவ்வொரு மேசையாகப் போய், "என்ன கேட்டீங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கெஞ்சினாள். ஒரு வேன் அதற்குள் போய்விட்டது. மற்றது உட்கார்ந்தது.

சுப்புராஜ் காலி மேசைகளைப் பார்த்தபடியே வந்தார். அக்சா ஊற்றிய தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "யாரு ஊத்துனது?" என்றார். சொன்னார்கள். "அடுத்த மாசம் பாப்போம்" என்று எழுந்தார். ஷட்டரைப் பற்றி அவ்வளவுதான் பதில்.

அன்று மூன்று மணிக்கு அட்டவணையில் ஒரு கட்டம் கூடியது. வாசலில் மெர்வின் நின்றான். பரிபூரணம் தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் போய், வாயை மூடிக்கொண்டு பார்த்தாள்.

இதை அவளுக்கு அதே ஹோட்டலில் வைத்துத்தான் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் எங்க டீச்சர் கரண்டிய நீட்டுனேன்? குடுக்க மாட்டேன்னு புடிச்சிக்கிட்டுல்லா நின்னேன். அக்சாதான் வெடுக்குன்னு புடுங்குனா. அதையும் எழுதிக்கிடுங்க."