சாவி மாறிய செவ்வாய்க்கிழமை

சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை, அலுவலகம் கோலாலம்பூரின் பங்சாரில். எஸ்எஸ்எச் வழியாக, அதாவது இருந்த இடத்திலிருந்தே சர்வருக்குள் நுழைய, யூஎஸ்பியில் செருகும் சின்னச் சாவி ஒன்று வேண்டும். அதன் விளக்கு மின்னும்போது விரலால் தொட வேண்டும். மடிக்கணினியில் உள்ள ed25519-sk என்ற அடையாளக் கோப்பு, அதை உருவாக்கிய சாவி இல்லாமல் எதற்கும் உதவாது.

என் கணவருக்கும் இதே வேலைதான், கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில். இருவரும் ஒரே கடையில், ஒரே மாதிரி கறுப்புச் சாவி வாங்கியிருந்தோம். என்னைக் கேட்காமல் கிள்ளானில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார் என்பதால், அந்த வாரம் மூன்று நாளாகப் பேச்சு இல்லை.

அன்று காலை சாவியைச் செருகினேன். விளக்கு மின்னவில்லை. ‘டிவைஸ் நாட் ஃபவுண்ட்’ என்றது திரை.

பக்கத்து இருக்கைத் தோழி எட்டிப் பார்த்தாள். “யூஎஸ்பி ஹப்பைக் கழட்டிட்டு நேரா போடுங்க லா, அக்கா.”

நேராகப் போட்டேன். அதே பதில். லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு அந்தச் சாதனத்தைத் தொட அனுமதி இல்லையென்றாலும் இதே பிழை வரும். அனுமதி சரியாக இருந்தது. செருகிய சாவிகளைப் பட்டியலிடும் fido2-token -L கட்டளையை அடித்தேன்; சாவி பட்டியலில் வந்தது. கணினிக்குச் சாவி தெரிகிறது. ஆனால் எஸ்எஸ்எச் தேடுவது ஏதோ ஒரு சாவியை அல்ல. என் கோப்பைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் சாவியை. இது ஒப்புக்கொள்ளவில்லை.

காலையில் செருப்பு அலமாரியின் மேலிருந்து, கணவர் முகத்தைப் பார்க்காமல், கைக்கு வந்த சாவியை எடுத்தது நினைவுக்கு வந்தது.

அவருக்குப் போன் செய்தேன்.

“உங்க சாவி வேலை செய்யுதா?”

“இல்ல. டிவைஸ் நாட் ஃபவுண்ட். காலையிலேர்ந்து கேபிள் மாத்திட்டேன், ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டேன்.”

“உங்ககிட்ட இருக்கிறது என்னோடது.”

“ஓ, காலையில மாறிப்போச்சா,” என்றார்.

“அப்பவே எனக்கு போன் பண்ணியிருக்கலாமே?” என்றேன்.

“நீ எடுக்க மாட்டேன்னு நெனச்சேன்.”

எடுத்திருக்க மாட்டேன்தான்.

மதிய உணவு நேரத்தில் அவர் ரயிலேறி வந்தார். பக்கத்திலிருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சாவிகளை மாற்றிக்கொண்டோம். கையோடு எழுந்துபோவது சரியாக இருக்காது என்பதால் சாப்பிட்டோம்.

“கிள்ளான் வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சரின்னு சொல்லல,” என்றார் ரசம் ஊற்றிக்கொண்டே. “நீ வந்து பாரு. பிடிக்கலன்னா வேணாம்.”

“முதல்லயே இதச் சொல்றதுக்கென்ன?”

“சொல்ல வந்தேன். நீ ரூமுக்குப் போய் கதவச் சாத்திட்ட.”

அது உண்மை. நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

அலுவலகம் திரும்பிச் சாவியைச் செருகினேன். விளக்கு மின்னியது, தொட்டேன், உள்ளே போனேன். ஆளுக்கு இரண்டு சாவி பதிவு செய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். எனக்கு ஒன்றுதான் இருந்தது. அன்று மாலையே இரண்டாவதை வாங்கிப் பதிவு செய்தேன்.

சனிக்கிழமை இருவரும் கிள்ளானுக்குப் போனோம். அந்த வீட்டுச் சமையலறையில் சன்னலே இல்லை. “வேணாம்,” என்று அவர்தான் முதலில் சொன்னார்.