கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரூத்

ஜெசிந்தா பிறந்தது திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு சிற்றூரில். அம்மா பிறர் நிலத்தில் நாற்று நட்டவர். பள்ளி முடித்து, கேட்டல் பரிசோதனைக்கான பட்டயப் படிப்பும் முடித்து, 2009 ஜூன் 8 அன்று செங்கல்பட்டில் ஒரு தனியார் காது மூக்கு தொண்டை மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். குடியிருப்பது ஊரப்பாக்கத்தில். கணவர் சாலமோன் சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகில் உள்ள தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார். ஒரே மகள் ரூத்துக்கு இப்போது பதினாறு வயது. செங்கல்பட்டில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

ஜெசிந்தாவின் அறை சிறியது. அதற்குள் ஒலி புகாத இன்னொரு அறை, நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல். வருபவர் உள்ளே உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். ஒலி கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் ஜெசிந்தாவின் பக்கம் விளக்கு எரியும். கேட்டால் பத்து டெசிபல் இறக்குவார், கேட்காவிட்டால் ஐந்து ஏற்றுவார். எவ்வளவு குறைந்த எண்ணில் கேட்கிறதோ அவ்வளவு நல்ல காது. ஒருவருக்கு இருபது நிமிடம். எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ரூத் பள்ளி விட்டதும் அந்த அறையின் மூலையில்தான் வீட்டுப்பாடம் எழுதினாள். நோயாளி வராத நேரத்தில் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தி விளையாடுவாள்.

2024 ஜூன் 26, புதன்கிழமை, திருப்போரூரில் ஒரு பள்ளியில் ஜெசிந்தா காதுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். எண்பது டெசிபல் என்றால் பெரியவர்களுக்கு வாரம் நாற்பது மணி நேரம் வரை கேட்கலாம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகிவிடும். எண்பத்தொன்பதுக்குப் போனால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான். பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவான அளவே நல்லது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினார். "இயர்போனைக் கழற்றின பிறகு காதுக்குள்ள 'ஙொய்'னு கேட்டாலோ, பஞ்சு வெச்ச மாதிரி அடைச்சாலோ, பேசறவங்களைத் திரும்பத் திரும்ப 'என்ன, என்ன'ன்னு கேட்டாலோ, அது காது போடற முதல் புகார்," என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்கள் கைதட்டும் படத்தை வாட்சப் ஸ்டேட்டஸில் போட்டார்.

எட்டு நாள் கழித்து, ஜூலை 4 அன்று, ரூத்துக்குக் காய்ச்சல். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு அது 'பீப் பீப்' என்று அடித்தது கேட்டது.

"எடுத்துப் பாருடீ, எவ்ளோ கீது?"

"இன்னும் அடிக்கலமா."

"அடிச்சி முடிச்சே போச்சி!"

"நீ வேற. குக்கர் பக்கத்துல நின்னுகினு இன்னாத்தையோ கேட்டுட்டு வர்ற."

அன்று அடுப்பில் குக்கர் இல்லை. ஜெசிந்தா கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தெர்மாமீட்டரின் ஒலி நாலாயிரம் ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். உரத்த சத்தம் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான் என்பதும் தெரியும்.

ஜூலை 13, சனிக்கிழமை. அரை நாள் வகுப்புக்கு ரயிலில் போன ரூத், முடிந்ததும் மருத்துவமனைக்கு வந்தாள். மருத்துவர் ஜெகதீசன் காதுக்குள் பார்த்தார். அழுக்கு இல்லை, காய்ச்சலால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கவும் இல்லை. பிறகு ஜெசிந்தா பரிசோதித்தார். பத்து டெசிபலுக்கு இறங்கும் வரை ஒவ்வொரு ஒலிக்கும் தவறாமல் விளக்கு எரிந்தது. வலது பத்து, இடது பத்து, எல்லா அலைவரிசையிலும் பத்து. முடிவைக் குறிக்கும் அட்டையில் கோடு கட்டிடக் கொத்தனார் நூல் பிடித்தது போல நேராக வந்தது.

ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது. அட்டையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டார். பதினைந்து வருடத்தில் எவர் காதும் இப்படி நேர்க்கோடு போட்டதில்லை. எங்காவது ஐந்து ஏறும், எங்காவது ஐந்து இறங்கும்.

மறுபடியும் தொடங்கினார். ஒலி, இரண்டு நொடி, ஒலி, இரண்டு நொடி. பிறகு ஒன்றுமே அனுப்பாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது. இரண்டு நொடி கழித்து மறுபடியும் எரிந்தது.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். "நான் சத்தமே வெக்கல, ரூத்து."

ரூத் குனிந்துகொண்டாள். அம்மா எத்தனை நொடிக்கு ஒரு முறை ஒலி அனுப்புவார், எத்தனையாவது ஒலி பத்துக்கு இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம்.

"எத்தினி நாளா காது கத்துது?"

"பரீட்சை நேரத்துலேர்ந்து. டிரெயினை விட்டு எறங்குனா ஆரம்பிக்கும். முன்னல்லாம் ஒரு மணி நேரத்துல பூடும். இப்ப தூங்குற வரைக்கும் கீது."

"எங்கிட்ட இன்னாத்துக்குடீ மறைச்ச?"

"நீதான் ஊரெல்லாம் போய் சொல்லினு கீற. அந்தக் கைதட்டுற போட்டோவ எத்தினி பேர் பாத்தாங்க! உம் பொண்ணுக்கே இப்டின்னா சிரிக்க மாட்டாங்களா? ஒன்ன யாராச்சும் சொன்னா எனக்குத் தாங்காதுமா."

ஜெசிந்தா மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "லூசு. சிரிக்கிறவன் காதையா நான் வளத்தேன்?"

மூன்றாவது முறை, ஒலிகளுக்கு இடையே ஒழுங்கில்லாமல் இடைவெளி விட்டுப் பரிசோதித்தார். மற்ற இடங்களில் ஐந்தும் பத்தும் வந்தது. நாலாயிரத்தில் மட்டும் வலது முப்பத்தைந்து, இடது முப்பது. கோடு அங்கே குழியில் விழுந்து மறுபடி ஏறியது.

ஃபோனில் கேட்பு அளவின் பதிவு இருந்தது. ரயிலில் போகும் நேரங்களில் சராசரி தொண்ணூற்றிரண்டு டெசிபல். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம், வாரத்தில் ஆறு நாள். மொத்தம் எட்டு மணி நேரம். அந்த அளவில் பெரியவர்களுக்கே இரண்டரை மணி நேரம்தான். "கதவாண்ட உக்காந்தா டிரெயின் சத்தத்துல பாட்டே கேக்காது. அதான் ஏத்துவேன்," என்றாள் ரூத்.

ஜெகதீசன் அட்டையைப் பார்த்தார். "காலையில கூட பாட்டு கேட்டியாம்மா?" ரூத் ஆமாம் என்றாள். "அப்போ இது காதோட களைப்பும் சேர்ந்த கணக்கு. ஒரு வாரம் அமைதியா இருக்கட்டும். களைப்பு போயிடும். உள்ளே சத்தத்தை உணர்ற மயிரிழை செல் செத்திருந்தா அது மட்டும் திரும்பாது. எது எவ்வளவுன்னு அடுத்த சனிக்கிழமை தெரியும்."

அந்த வாரம் சாலமோன் தொலைக்காட்சியை ஊமையாக்கிக் கிரிக்கெட் பார்த்தார். "இதுவும் நல்லாத்தான் கீது, அந்தாளுங்க உளர்றது கேக்கல," என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்து மூவரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனார்கள்.

"அம்மா, இந்த அலை சத்தம் பரவால்லையா? பர்மிசன் உண்டா?"

"இதுக்கு வால்யூம் ஏத்துற பட்டன் உங்கிட்ட இல்லியே, கேளு."

திங்கள் முதல் ரூத் ரயிலில் கதவோரத்தை விட்டு உட்புற இருக்கைக்கு மாறினாள். பாட்டு இல்லை. ஃபோனில் அதிகபட்ச ஒலிக்கு வரம்பு வைக்கும் இடத்தை ஜெசிந்தா காட்டினார். அதற்குக் கடவுச்சொல் போடும் கட்டம் வந்ததும் ஃபோனை மகளிடமே நீட்டினார்.

"நீ போடலியா?"

"உங் காது. நீயே போடு."

ஜூலை 20, சனிக்கிழமை, வகுப்புக்கு விடுப்பு சொல்லிவிட்டு, காலை பத்து பத்துக்கு ரூத் மறுபடியும் உள்ளே உட்கார்ந்தாள். காதில் இரைச்சல் செவ்வாய்க்கிழமையே நின்றுவிட்டதாகச் சொன்னாள். இடது காது நாலாயிரத்தில் பதினைந்துக்கு வந்துவிட்டது. வலதில் முப்பதுக்கு விளக்கு எரிந்தது. இருபதுக்கு இறக்கினார். ரூத் கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக் காத்திருந்தாள். இரண்டு நொடி, ஐந்து நொடி. அழுத்தவில்லை. இருபத்தைந்துக்கு ஏற்றினார், எரிந்தது. மறுபடி பதினைந்து, இருபது, விரல் அசையவில்லை. இருபத்தைந்து, எரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்: "வலது முழுசா வரலல்ல?"

"வரல. பத்து வந்துது, மீதி வரல."

"இனிமே வருமா?"

"இதுக்கு மேல வராது கண்ணு. இத்தோட நிறுத்தினா போகவும் போகாது. மூணு மாசத்துக்கு ஒரு தபா பாத்துக்கலாம்."

ரூத் தலையாட்டினாள். பிறகு அழுதாள். ஜெசிந்தாவும் அழுதார். வெளியே அடுத்த நோயாளி காத்திருந்ததால் அது இரண்டு நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெசிந்தா அட்டையில் இருபத்தைந்து என்று குறித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டார்.