ஒற்று அக்கா எழுதிய பத்தி

பதிப்பகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒற்று அக்கா என்றால்தான் தெரியும். கணினியில் பக்கம் அமைப்பவர் வைத்த பட்டம் அது. எழுதுகிறவர்கள் போடாமல் விட்ட க், ச், த், ப்புகளைத் தேடித் தேடிப் போடுவதும், போடக் கூடாத இடத்தில் போட்டதைப் பிடுங்குவதும் அக்காவின் வேலை. "அக்காகிட்ட ஒரு கூடை ஒற்று இருக்கு. இல்லாதவங்களுக்குக் கொடுப்பாங்க, அதிகமா வச்சிருக்கிறவங்ககிட்ட பிடுங்குவாங்க" என்று புதிதாக வருகிறவர்களிடம் பக்கம் அமைப்பவர் அக்காவை அறிமுகப்படுத்துவார்.

அக்கா படித்தது வணிகவியல். முதல் வேலை காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு. அங்கே மேலாளரின் கடிதத்தில் இருந்த பிழையைக் கேட்காமலே திருத்தி, பாராட்டையும் திட்டையும் ஒரே நாளில் வாங்கியவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தார். அச்சுக்குப் போவதற்கு முன் எடுக்கும் பிரதியைப் படித்துப் பிழை நீக்கும் வேலை. மகள் இன்று வெளியூரிலிருந்து செய்தி அனுப்பினால்கூட, கடைசியில் "பிழையப் பாக்காதம்மா, விஷயத்தைப் பாரு" என்று சேர்த்துத்தான் அனுப்புகிறாள். கணவர் அவரைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டார். "உன்கூட வந்தா சாமான் வாங்க முடியாது. போர்டுதான் படிக்க முடியும்."

அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். சிவப்புப் பேனா பிழைக்கு மட்டும். சந்தேகத்துக்குப் பென்சில், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி, எழுதியவர் சொன்னால்தான் மாற்றம். நடையில் கை வைக்கக் கூடாது. ஒருவர் நீளமாக எழுதினால் நீளம், வெட்டி வெட்டி எழுதினால் வெட்டு. அவருடைய மேசைக்கு வந்த எந்த எழுத்தாளரும் "என் எழுத்து எங்கே?" என்று கேட்டுத் திரும்பி வந்ததில்லை. அதில் அக்காவுக்குப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பெருமை.

அந்தச் சமயத்தில்தான் லிஃப்ட் மெக்கானிக்கின் புத்தகம் வந்தது.

ஐம்பதைத் தாண்டிய மனிதர். பாதியில் நின்றுபோன லிஃப்டுகளுக்குள் அகப்பட்டவர்களை வெளியே எடுத்தே பாதி ஆயுள் போயிருந்தது. அவர்களைப் பற்றி எழுதியிருந்தார். பதிப்பாளர் முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, "இதைப் போடுறோம்" என்று சொல்லிவிட்டார்.

முழுப் புத்தகத்தையும் தொடங்குமுன் ஒரே ஒரு பத்தியைத் திருத்தி, சிவப்புக் குறிகள் தெரிய அந்தத் தாளையே எழுதியவருக்கு அனுப்புவது அங்கே வழக்கம். என்ன மாதிரித் திருத்தம் வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு அக்கா எடுத்துக்கொண்ட பத்தி இது:

"கதவை திறந்தேன். உள்ளே ஒரு அம்மா. அழவில்லை. கத்தவில்லை. கையில் பை. பைக்குள் காய்கரி. என்னை பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வரவில்லை. நான் கை நீட்டினேன். வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா என்று கேட்டார். வீட்டிற்க்கு போனால் வேலை இருக்கிறதாம்."

படித்துச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் புள்ளி, கமா உட்பட உரக்கப் படிப்பார். இன்னொருவர் கண்ணால் தொடர்வார். அன்று படித்தவர் பக்கம் அமைப்பவர். "கதவை திறந்தேன் புள்ளி. உள்ளே ஒரு அம்மா புள்ளி. அழவில்லை புள்ளி. கத்தவில்லை புள்ளி..." பாதியில் மூச்சு வாங்கினார். "என்னக்கா இது, அம்மை போட்ட மாதிரி இவ்ளோ புள்ளி?"

அக்கா சிரித்துவிட்டார். சிரிப்போடு நின்றிருக்கலாம்.

"இதையே அழகா எழுதலாம்" என்றார்.

"எங்க, எழுதிக் காட்டுங்க பாப்போம்."

எழுதிக் காட்டினார். பேனாவை எடுத்தவருக்குக் கை நிற்கவில்லை. எத்தனையோ வருஷமாக அடுத்தவர் வாக்கியங்களுக்கு ஒற்றுப் போட்டுக்கொண்டிருந்தவர், முதல்முறையாகத் தானே ஒரு வாக்கியத்தை ஓட விட்டார்.

"கதவைத் திறந்தபோது உள்ளே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், கையில் காய்கறிப் பையுடன், அழாமலும் கத்தாமலும் நின்றிருந்தார். என்னையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அவர், நான் கை நீட்டியும் வெளியே வராமல், வீட்டிற்குச் சென்றால் வேலைகள் காத்திருப்பதால் இன்னும் சற்று நேரம் உள்ளேயே இருக்கலாமா என வினவினார்."

"அடடா! பொன்னாடை போத்திடலாம்க்கா" என்றார் பக்கம் அமைப்பவர். கேலிதான். ஆனால் அக்காவுக்கு அது கேலியாகக் கேட்கவில்லை. அந்தப் பத்தியைப் புதிதாகத் தட்டச்சுச் செய்து, குறி ஒன்றுகூட இல்லாத வெள்ளைத் தாளில் அச்செடுத்து, மாதிரிப் பக்கம் என்று அனுப்பிவிட்டார். எது பிழை, எது அக்காவின் ஆசை என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

பதில் வரவில்லை. பிடித்திருக்கிறது போலும் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, மாலை நான்கு மணி வாக்கில் மெக்கானிக் நேரிலேயே வந்தார். சீருடையில் கிரீஸ் கறை. கையில் ஒரு கட்டுத் தாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், தாமதமாயிடுச்சு. நீங்க அனுப்பின பக்கத்தைப் பாத்ததும்தான் நான் எவ்ளோ மோசமா எழுதியிருக்கேன்னு புரிஞ்சுது. ஒரு பத்தியில இவ்ளோ தப்புன்னா மீதி என்ன லட்சணத்துல இருக்கும்? உங்களை ஏன் கஷ்டப்படுத்தணும்னு நானே எல்லாத்தையும் சரி பண்ணிக் கொண்டுவந்துட்டேன்."

அக்கா மேல்தாளைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். நடுவிலிருந்து ஒன்றை உருவிப் படித்தார். எல்லாரும் வினவினார்கள். காவலாளி வினவினார். மாட்டிக்கொண்ட பள்ளிப் பையன், "அங்கிள், மேலே இருக்கிறீர்களா?" என வினவினான். எல்லாரும் இமைக்காமல் பார்த்தார்கள். எல்லாப் பெண்களும் நடுத்தர வயதுப் பெண்மணிகள் ஆகியிருந்தார்கள். அக்காவின் இரண்டு வாக்கியங்கள் ஒரு புத்தகம் முழுக்கப் பரவியிருந்தன.

காது சூடாகி அது கழுத்து வரைக்கும் இறங்கியது. பக்கம் அமைப்பவர் தன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமே இல்லை.

"எப்படி மேடம்? பரவாயில்லையா?"

'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புத்தகம் இப்படியே போகும், யாரும் கேட்கப் போவதில்லை, அக்காவின் பெயரும் கெடாது. ஆனால் மெக்கானிக் எழுதிய புத்தகம் வெளியே வரவே வராது. அந்த ஒரு வார்த்தை அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

"உக்காருங்கண்ணா" என்றார். கணினியில் பழைய பத்தி அப்படியே இருந்தது. அச்செடுத்து அவர் முன்னால் வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"கதவை திறந்தேன். 'ஐ' வந்தா அடுத்து வர்ற வல்லினம் இரட்டிக்கும். கதவைத் திறந்தேன்." ஒரு த். "என்னைப் பார்த்தார். அதே கதைதான்." ஒரு ப். "காய்கறிக்கு வல்லின ற. வீட்டிற்கு, இதுல ற் வந்தா அடுத்து இன்னொரு ஒற்று நிக்காது. க்-ஐ எடுக்கணும். 'கு'வுக்கு அப்புறமும் இரட்டிக்கும். வீட்டிற்குப் போனால்." பேனாவை மூடினார்.

மெக்கானிக் காத்திருந்தார். தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ம், மேல சொல்லுங்க."

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"பிழை அவ்வளவுதான். 'ஒரு அம்மா'வை 'ஓர் அம்மா'ன்னு எழுதணும்னு சிலபேர் சொல்வாங்க. அதுகூட உங்க விருப்பம்தான்."

"அப்ப நீங்க மாத்தின மத்ததெல்லாம்?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "அது திருத்தம் இல்லண்ணா. நான் எழுதிப் பாத்தேன். உங்க எழுத்துல தப்பு இல்ல. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

மெக்கானிக் தான் கொண்டுவந்த கட்டைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல், "அந்தம்மாவுக்கு எழுபது வயசு இருக்கும் மேடம்" என்றார். "நீங்க நடுத்தர வயதுன்னு போட்டிருந்தீங்க. படிச்சவங்க எழுதியிருக்காங்களே, நாமதான் இருட்டுல சரியாப் பாக்கலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

பக்கம் அமைப்பவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"என் வீட்டுக்காரி அன்னிக்கே சொன்னா" என்று தொடர்ந்தார் மெக்கானிக். "புதுசா எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். 'யாருங்க இது, வக்கீலா? நீங்க எங்க போனீங்க?'ன்னு கேட்டா. எழுத்தைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்னு கத்திட்டேன். ரெண்டு நாள் பேசல." சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்களேன்."

இதை அக்கா எதிர்பார்க்கவில்லை. மறுக்கவும் வழியில்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி, தான் யார், என்ன வேலை பார்க்கிறவர், எந்த வேலையைப் பார்த்திருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மறுமுனையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"சரிங்க. என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அவர் இனிமே பழையபடி எழுதுவாரா, அதைச் சொல்லுங்க" என்றது குரல்.

அக்கா பதில் தேடி எதிரே பார்த்தார். மெக்கானிக் சிவப்புக் குறி போட்ட தாளை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"மேடம், இங்க 'வரவில்லை'ன்னு ரெண்டு தடவை வருது. ஒண்ணை எடுத்துடலாமா?"

"அந்தம்மா எத்தனை தடவை வராம நின்னாங்க?"

யோசித்தார். "கதவைத் திறந்தப்ப ஒரு தடவை. கை நீட்டினப்புறம் ஒரு தடவை."

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்ணா."

"சரிங்க மேடம்" என்றார் அவர் உடனே. 'ஒன்றை எடுங்கள்' என்று சொல்லியிருந்தாலும் அதே 'சரிங்க மேடம்'தான், அதே பணிவோடு வந்திருக்கும். அக்காவுக்கு அது தெரிந்தது. கைபேசியில் அந்தப் பெண் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.