இடிந்தது அடுத்தவன் சுவர்

இருதயம்மாளுக்குக் கோபம் வந்தால் கல்மண்டபம் தெருவே வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கார்த்திகையில் வந்தது சாதாரணக் கோபமா? புயல் மழையில் பக்கத்துக் கிடங்கின் மதில் சரிந்து, அவள் வீட்டுப் பின்னறை ஓட்டுக்கூரையை அப்படியே அமுக்கிவிட்டது. மகள் டோரதி தலைப்பிரசவத்துக்கு வரவேண்டிய அறை அது. மதிலில் அரசங்கன்று வேர்விட்டு வெடிப்பு கண்டிருப்பதைக் கிடங்குக்காரர் பக்தவச்சலத்திடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! மனுஷன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து மறைந்த புருஷன், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கடனுக்காக, புயல் சேதத்தையும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தார்கள். இழப்பைப் பார்க்கும் சர்வேயர் வரும்வரை இடிபாட்டைத் தொடக்கூடாது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஞாயிறு, வீடு வீடாகப் போகும் மாதா சுரூபம் அவள் வீட்டுக்கு வரும் முறை. மாதா வரும் வீடு குப்பையாகக் கிடக்கலாமா? தெரு ஜனம் மொத்தமும் கூடிக் கல்லை வாரித் தெருப்பள்ளத்தில் கொட்டி, கூரைக்குக் கீற்றுப் போட்டு, சுண்ணாம்பும் அடித்துவிட்டது.

பிறகு வந்த சர்வேயர் உதட்டைப் பிதுக்கினார். சுவர் விழுந்து உடைந்ததா, பழங்கூரை தானாக இறங்கியதா, எதைப் பார்த்து எழுதுவது என்றார். காரணம் நிரூபணமாகவில்லை என்று கம்பெனி கைவிரித்தது.

சரி, கிடங்குக்காரரின் கம்பெனியைக் கேட்போம் என்று போனாள். பாலிசி அவருடைய சொத்துக்குத்தான், அவர் சுவர் அடுத்தவருக்குச் செய்த சேதம் அதில் சேராது, வேண்டுமானால் அவர்மேல் வழக்குப் போடுங்கள் என்றார்கள். பக்தவச்சலமோ, மழை செய்த வேலைக்கு நான் என்ன செய்வேன் என்று வானத்தைக் காட்டினார். அவன் சுவருக்குப் பணமாம், அவள் கூரைக்கு வழக்காம்!

மார்கழியில் மதிலுக்குக் கடைக்கால் தோண்ட ஆள் வந்தது. இருதயம்மாள் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தாள். மேஸ்திரி பாஸ்கல் அவள் போகும் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். விஷயம் கேட்டு ஓடிவந்த பக்தவச்சலம் முதலில் அதட்டினார், அப்புறம் கெஞ்சினார்.

"எழுந்துரும்மா. சுவரு எழும்பினாத்தான் கம்பெனி துட்டு குடுக்கும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருதயம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அப்போ என் கூரை முதல்ல எழும்பட்டும். வெடிப்பு வுட்டுகீதுன்னு சொன்னப்ப கேட்டியா நீ? எம்பொண்ணு வர்ற வரிக்கும் நான் இங்கதான் குந்திகினு இருப்பேன்."

போலீசைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடு, தெருவே சாட்சி சொல்லும் என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார். அன்று கல்லை வாரிய அத்தனை பேரும் வாசலில் நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் பக்தவச்சலம் அனுப்பிய, ஓடு ஏற்றிய வண்டி வந்தது. பாஸ்கல் இறக்கிவைத்த இடம் இருதயம்மாளின் பின்வாசல். அப்போதும் அவள் பள்ளத்தை விட்டு எழவில்லை. கடைசி ஓடும் ஏறட்டும் என்றாள்.