உயிரெழுத்தில் தொடங்கும் பதில்கள்

வைவா, வாய்ப்பரீட்சை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எழுதத் தெரிந்தவள், வயர் பூட்டத் தெரிந்தவள், மோட்டாரை ஓட்டிக் காட்டத் தெரிந்தவள். ஆனால் கேட்டதும் பட்டென்று சொல்ல வராது. அவளை என்ன செய்வீர்கள்? ஃபெயில் போடுவீர்கள். போட்டார்கள்.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக் என் சிநேகிதியான அவளுடையது. எங்கள் இருவரின் அப்பாக்களும் ஒரே ஃபேக்டரிச் சங்குக்கு வேலைக்குப் போனவர்கள். நாங்கள் இருவரும் ஒரே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ சேர்ந்தோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். க, ட, ப என்று வல்லெழுத்து எதிலாவது தொடங்கும் சொல் வந்துவிட்டால் போதும், கழுத்து நரம்பு புடைக்க அங்கேயே நின்றுவிடுவாள். அ, இ, ஐ என்று தொடங்கினால் எப்படியோ வழுக்கிக்கொண்டு போய்விடும்.

மெஷின்ஸ் லேப் பரீட்சைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் முதல் தடவையே அவளைக் கவிழ்த்துவிட்டார். கேள்வி கேட்டார். முதல் எழுத்திலேயே அவள் நின்றுவிட்டாள். "வாயே தெறக்கலியே, அப்போ இந்த கனெக்ஷன் யாரு குடுத்தது?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பாஸ். அவளுக்கு அரியர். நியாயமாக அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். எனக்கே அவள்தான் சர்க்யூட் புரியவைத்தாள்.

அரியரோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி அப்ரெண்டிஸ் எடுக்கப்போகிறது, எல்லாப் பேப்பரும் பாஸ் ஆனவர்கள்தான் மனுப் போடலாம் என்று செய்தி வந்தது. அவள் வீட்டில் அதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வேலை கிடைத்தால் அந்தப் பேச்சை நிறுத்திவைக்கிறேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். ஆக, அரியருக்காக மறுபடி வைக்கும் இந்த வைவாவும் போனால் எல்லாம் போச்சு.

"வர்ற எக்ஸ்டர்னல் சார்கிட்ட ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடலாம்டீ. திக்கும்னு முன்னாடியே சொல்லிட்டா தீந்துச்சு" என்றேன்.

"எனக்கு இன்னா ஒடம்பா சரியில்ல, லெட்டர் குடுக்க?" என்றாள். அதற்குமேல் அதைப் பேச விடவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

சரி என்று ரெக்கார்டு நோட்டையும் கிளாஸ் நோட்ஸையும் விரித்து உட்கார்ந்தோம். எக்ஸ்டர்னல்கள் எங்கிருந்து கேள்வி எடுப்பார்கள் என்று அவளுக்குத்தான் தெரிந்திருந்தது. ஒவ்வொரு சோதனையிலும் கடைசியில் 'முன்னெச்சரிக்கை' என்று இரண்டு மூன்று வரி இருக்கும், யாரும் படிக்காமல் காப்பி அடிப்பது. அந்த வரி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு 'ஏன்' போட்டால் அதுதான் வைவா கேள்வி. மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் ஏன்? சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாமல் ஏன் ஓட்டக் கூடாது? டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கிலோவாட்டில் சொல்லாமல் கே.வி.ஏ.யில் சொல்கிறோம்? கேள்வியை நான் எழுதுவேன், பதிலை அவள் எழுதுவாள்.

பதில் எழுதுவதுதான் கொடுமை. நோட்ஸில் அரைப் பக்கம் இருப்பதை ஒரே மூச்சில் சொல்லும்படி இரண்டு வாக்கியமாக்க வேண்டும். அதற்குமேல் முதல் சொல் அவள் வாயில் நிற்கக் கூடாது. "ஆரம்பத்தில் பேக் ஈ.எம்.எஃப். இல்லை. அதனால் ஆர்மெச்சரில் கரெண்ட் அளவுக்கு மீறிப் பாயும், அதைக் கட்டுப்படுத்த ஸ்டார்ட்டர்." இது நல்ல பதில், ஆ-வில் ஆரம்பிக்கிறது. இடையில் வரும் கரெண்ட்டும் கட்டுப்படுத்தலும் ஓடுகிற ஓட்டத்தில் போய்விடும். ஷார்ட் சர்க்யூட் டெஸ்டில் என்ன இழப்பு தெரியும் என்ற கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம். காப்பர் லாஸ். அந்தக் 'கா' வரவே வராது.

"அதுக்கு இன்னொரு பேர் கீதேடி" என்று துள்ளினாள். "ஐ ஸ்கொயர் ஆர் லாஸ்!"

நான் சிரித்த சிரிப்பில் அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அதன்பிறகு எந்தக் கேள்விக்கும் பதில் யோசிக்கும்போது "ஐ ஸ்கொயர் இருக்கா?" என்றுதான் கேட்டுக்கொள்வோம்.

ஒத்திகை பெரும்பாலும் மின்சார ரயிலில். ஆவடியில் ஏறி லேடீஸ் பெட்டியில் வாசலோரம் நின்றுகொள்வோம். தடதடவென்ற சத்தத்தில் நான் கத்திக் கேட்பேன், அவள் கத்திப் பதில் சொல்வாள். அந்தச் சத்தத்தில் அவளுக்குத் திக்கவே திக்காது. ஏன் என்று எனக்குத் தெரியாது. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி, "இன்னாம்மா ரெண்டு பேரும் சண்டையா போட்டுக்கினு வரீங்க?" என்று கேட்டாள்.

அரியர்காரர்களுக்கு வேறொரு கல்லூரியில் சென்டர் போட்டிருந்தார்கள். கொரட்டூரில் இறங்கி பஸ் பிடித்துப் போனோம். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. நான் வராந்தாவில் கம்பிவலை ஜன்னலோரம் நின்றேன். போ என்று யாரும் சொல்லவில்லை.

எந்தச் சோதனை என்று சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஷண்ட் மோட்டார் லோடு டெஸ்ட் வந்தது. எனக்கு உயிர் வந்தது. அதில் அவளை அடிக்க ஆளில்லை. வயர் கொடுத்தாள், ஃபீல்டு ரியோஸ்டாட்டை மினிமத்தில் வைத்தாள், ஸ்டார்ட்டர் கைப்பிடியை நிதானமாக நகர்த்தினாள். மோட்டார் ஓடியது. ரீடிங் எடுத்து, கணக்குப் போட்டு, கிராஃபும் வரைந்துவிட்டு மோட்டாரை நிறுத்தினாள். லேப் அமைதியாகிவிட்டது.

எக்ஸ்டர்னல் அவள் மேஜைக்கு வந்தார். வயதானவர், முகத்தில் கடுமை இல்லை. ரீடிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, பயத்தைப் போக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே கேட்டார்.

"உம் பேரு என்னம்மா?"

அடப்பாவி மனுஷா!

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வல்லெழுத்தில் தொடங்கும் பெயர். அதற்கு ஐ ஸ்கொயர் ஆர் கிடையாது. காப்பருக்கு இன்னொரு பெயர் உண்டு, அவளுக்கு ஏது? உதடு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நான் கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெயர் என் வாயில் தயாராக இருக்கிறது, கத்தினால் கேட்கும் தூரம். கத்தினால் காப்பி அடித்தாள் என்று அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த மேஜைப் பக்கம் திரும்பி, "பேரே வரலியே, பாடத்துல என்னத்தக் கேக்குறது?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மார்க் ஷீட்டில் எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்தவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அந்த ஆளைத் திட்டிக்கொண்டே அழுதேன். உள்ளே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பிய என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். ரிசல்ட் வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எஸ்டேட் கம்பெனிக்கு அவள் மனுப் போடவில்லை, அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது.

வைவா முடிந்த அன்றைக்கு, திரும்பும் ரயிலில் வாசலோரம் நின்றோம். அம்பத்தூர் தாண்டி வண்டி வேகம் பிடித்ததும், "கேளுடீ" என்றாள்.

"என்னத்தக் கேக்க?"

"எல்லாத்தையும் கேளு."

கேட்டேன். ஸ்டார்ட்டர், சீரிஸ் மோட்டார், கே.வி.ஏ., லாஸ் ஒன்றுவிடாமல் கேட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னாள். காப்பர் லாஸ் என்றே சொன்னாள். அன்னனூர் வந்துவிட்டது, என்னிடம் கேள்வி தீர்ந்துவிட்டது.

"இன்னொண்ணு கீது, கேளு" என்றாள்.

வண்டி மறுபடி நகர்ந்து சத்தம் எழும்வரை காத்திருந்து, "உம் பேரு என்னம்மா?" என்று கேட்டேன்.

சொன்னாள். அப்பா பெயரின் முதலெழுத்தோடு சேர்த்து, ஒரு தட்டுத் தடங்கலும் இல்லாமல் சொன்னாள். ஆவடி வந்து வண்டி நிற்கும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.