நியூயார்க்கில் வெறுங்காலோடு

மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரியும் மதுரையிலிருந்து கிளம்பினோம். நியூயார்க்கில் ஒரு ஏர்போர்ட்டில் இறங்கி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு, டாக்சியில் இன்னொரு ஏர்போர்ட்டுக்குப் போய் அடுத்த விமானம் பிடிக்க வேண்டும். பாதி வழியில் அவள் காலைப் பார்த்தேன். செருப்பைக் காணோம்.

“டிரைவர் நம்ம ஆளு போல, வண்டிக்குள்ள முருகன் படம் இருந்துச்சு. வெளியவே கழட்டிட்டேங்க.”

திரும்பிப் போனால் விமானத்தை விட்டுவிடுவோம். “என்ன செய்ய?” என்றேன்.

“கோயில்ல மீனாட்சியவே வெறுங்காலோடதான பாக்குறோம். பேரப்பிள்ளைய அப்படிப் பாத்தா என்னவாம்?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த ஏர்போர்ட்டில் பாதுகாப்புச் சோதனையில் எல்லாரும் ஷூவைக் கழற்ற வேண்டுமாம். நான் நாடாவோடு மல்லுக்கட்ட, அவள் நேரே உள்ளே போய்விட்டாள்.

“இம்புட்டு நேரமா? சீக்கிரம் வாங்க, கதவ அடைச்சிருவாக.”

முருகன் புண்ணியம், கடைசி ஆட்களாக ஏறினோம்.