பிறை இரவை மறந்த அறிவித்தல்

எங்கள் தொடர்மாடியில் இருபத்து நான்கு வீடுகள். முற்றத்தில் வெள்ளைக் கோடு போட்டு வாகனம் நிறுத்த ஒதுக்கியிருப்பது பதினொரு இடங்கள். இந்த இரண்டு எண்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தாலே எங்கள் குடியிருப்போர் குழுவின் கூட்டங்கள் ஏன் சண்டையில் முடிகின்றன என்பது விளங்கிவிடும். அதில் நான்தான் செயலாளர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். இப்போது கையெழுத்துக்கு வேலையே இல்லை. எல்லாம் வட்ஸ்அப் குழுவில்தான்.

நோன்புப் பெருநாளுக்கு ஒரு அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. காரணம், இந்த முறை ஒரு புது யோசனை. கடற்கரையில் பெருநாள் தொழுகை முடிந்து திரும்பியதும் முற்றத்திலே பாய் விரித்து எல்லா வீட்டாரும் ஒன்றாக சஹன் சாப்பிடுவது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து உண்பதைத்தான் சஹன் என்கிறோம். கலியாண வீட்டில் அப்படி இருந்து சாப்பிடுகிறவர்கள், ஒரே படியில் ஏறி இறங்கும் அயலாரோடு ஒருநாளும் இருந்ததில்லை. யோசனை நல்லதுதான். ஆனால் பாய் விரிக்க முற்றம் வெறுமையாக இருக்க வேண்டுமே. முந்தின பெருநாளில் யாருடையதென்றே தெரியாத ஒரு வேன் கேற்றை மறித்துக்கொண்டு நண்பகல் ளுஹர் தொழுகையிலிருந்து பிற்பகல் அஸர் வரை நின்றது. நான் மாடி மாடியாக ஏறி இருபத்து மூன்று கதவுகளைத் தட்டினேன். வேன்காரர் இருபத்து நாலாவது வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே நான் விபரமாகவே எழுதினேன். பதினான்கு பிரிவுகள். மனைவி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தாள்.

"இது பெருநாள் வாழ்த்தா, சோதனை மண்டபத்து ஒழுங்கு விதியா?"

"எல்லாத்தையும் சொல்லித்தானே ஆகணும்."

"வாழ்த்து பதினாலாவதா வருது. அதுக்கு முன்ன பதிமூணு தரம் ஏசியிரிக்கீங்க."

வெட்டத் தொடங்கினேன். அந்த வேளையில்தான் கீழ்மாடியில் இருக்கும் பெண் வந்தாள். கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே மகள், பத்தொன்பது வயது. நல்ல பிள்ளை, அழகாகப் பூ வேலை செய்வாள். ஆனால் திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் அவளால் தாங்க முடியாது. காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள், பிறகு மணிக்கணக்கில் யாரும் கிட்டே போக முடியாது. வெடிச் சத்தத்துக்குப் பயந்து இந்தக் குடும்பம் ஒவ்வொரு பெருநாளையும் ஊருக்கு மேற்கே வயல் நடுவில் இருக்கும் ஒரு வாடியில், உறவினர் காவல் இருக்கும் தகரக் கொட்டிலில், கழித்து வந்தது. எல்லோரும் புது உடுப்போடு வீடு வீடாகப் போகும்போது அவர்கள் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கும். சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள்.

"சேர், இந்தத் தரம் புள்ள போகமாட்டன் என்டுது. உடுப்பத் தானே தைச்சிரிக்கி. வீட்டிலேயே பெருநாள் எடுக்கணுமாம். வெடியப் பத்தி எழுதுங்க."

"ஓம், கட்டாயம் எழுதுறன்."

"ஆனா எங்கட புள்ளைக்காக என்டு எழுதிராதீங்க சேர். நாளைக்கு அதுக்குக் கலியாணம் பேசணும்."

வாக்குக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லாமல் ஒரு காரியத்தைக் கேட்பது எவ்வளவு கடினம் என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. குழுவின் ஐந்து பேரும் பார்த்துத் திருத்தி, கடைசியில் அனுப்பியது இதுதான்:

"அஸ்ஸலாமு அலைக்கும். எல்லா வீட்டாருக்கும் பெருநாள் வாழ்த்துகள். பெருநாள் காலை தொழுகை முடிந்ததும் முற்றத்தில் சஹன் சாப்பாடு. ஒரு வீடும் விடுபடாமல் வாருங்கள். முற்றத்தில் நிற்கும் வாகனங்களை அதிகாலைச் சுபஹுக்கு முன் பாடசாலை மைதானத்துக்கு மாற்றிவிடுங்கள், அதிபரிடம் அனுமதி பெற்றாயிற்று. விருந்தாளிகளுக்கும் அந்த இடத்தையே சொல்லுங்கள். கேற்றடியில் ஹோர்ன் அடிக்காமல் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். பெருநாளன்று காலை முதல் வளவுக்குள் வெடி வேண்டாம், பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். பாட்டுப் பெட்டியை இரவு இஷாத் தொழுகையோடு நிறுத்திவிடுங்கள். நம்மில் கைக்குழந்தை உள்ளவர்களும் சுகமில்லாதவர்களும் இருக்கிறார்கள்."

வட்ஸ்அப் குழுவில் பதினேழு கட்டைவிரல் அடையாளங்கள் வந்தன. ஐந்து வீடுகள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தன. அந்த ஐந்து எவை என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாடிக்காரர் மட்டும் குரல் பதிவு அனுப்பினார். கட்டாரில் ஏழு வருடம் இருந்துவிட்டு, முதற்தடவையாகப் பெருநாளுக்கு ஊரில் நிற்பவர். வாடகைக்கு ஒரு வெள்ளை வேனும் எடுத்து வைத்திருந்தார்.

"சேர், சிரிக்கிறதுக்கு அனுமதி இரிக்கா? எத்தன மணி வரைக்கும்?"

மனைவி அந்தப் பதிவை நான்கு தடவை போட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

இருபத்தொன்பதாவது நோன்பு திறந்து, அந்தி மஃரிபு தொழுதுவிட்டு வானொலிக்குப் பக்கத்தில் இருந்தேன். முப்பதாகப் பூர்த்தி செய்வோம் என்றுதான் என் மனக்கணக்கு. பிறை கண்டாயிற்று, நாளை பெருநாள் என்றார்கள். பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம் தொடங்கியது. அதோடு கூடவே, அடுத்த தெருவில் முதல் வெடி.

அந்தச் சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. தொலைபேசியை எடுத்து என் அறிவித்தலை வாசித்தேன். 'பெருநாளன்று காலை முதல்.' எங்களுக்கு நாள் தொடங்குவது மஃரிபோடு. பிறை கண்ட இரவுதான் பெருநாளின் முதற் பாதி. வெடியெல்லாம் பெரும்பாலும் கொளுத்தப்படுவதும் அந்த இரவில்தான். நோன்புக் கஞ்சி ஆறுவதற்குள் பொடியன்கள் தெருவில் நிற்பார்கள். அறுபத்தெட்டு வருடம் இந்த ஊரில் பெருநாள் எடுத்தவன், ஐந்து பேரில் ஒருவனாக இருந்து எழுதியவன், பிறை இரவைச் சுத்தமாக விட்டுவிட்டேன். மற்ற நான்கு பேருக்கும்கூடத் தோன்றவில்லை. தொழுகையையும் சாப்பாட்டையும் நினைத்துக்கொண்டு எழுதியதால் எல்லோருக்கும் காலை மட்டுமே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

படியில் இறங்கினேன். முற்றத்தில் கட்டார்காரர் நின்றார். கையில் தலையணை அளவு சீனவெடிப் பெட்டி. சுற்றிப் பிள்ளைகள்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்க. இதுக்குள்ள கொளுத்த வேணாம்."

"என்ன சேர், உங்கட மெசேஜ்ல நாளைக்குக் காலையிலிருந்துதானே தடை? நான் ரெண்டு தரம் வாசிச்சன்."

"அது என்ட பிழை. பிறை இரவையும் போட்டிருக்கணும். விட்டுட்டன்."

"அப்ப இந்த இரவு எனக்குத்தான் சொந்தம்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஏழு வருஷம் சேர். பிறை கண்டா அறைக்குள்ள ஆறு பேர் படுத்திரிப்பம். விடிஞ்சா வேல. என்ட புள்ளைகள் வாப்பாவோட வெடி கொளுத்தினதே இல்ல. காரணம் என்னெண்டு சொல்லுங்க, விடுறன்."

காரணம் என் வாய்க்குள் இருந்தது. கைக்குழந்தை என்றேன். எந்த வீட்டில் என்று கேட்டார். கைக்குழந்தை உள்ள வீடுகள் இரண்டு. இரண்டு தாய்மாரும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெடி பார்க்க முற்றத்தில் நின்றார்கள்.

அப்போது கீழ்மாடிக் கதவு திறந்தது. தகப்பன் முன்னால் வந்து ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார். தாய் ஒரு பையையும் மகளையும் அணைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோ ஓர் அடி கூட நகர முடியாது. அதற்குக் குறுக்கே, கோட்டுக்கு வெளியே, அந்த வெள்ளை வேன்.

"தம்பி, வேனக் கொஞ்சம் எடுங்க. நாங்க போகணும்," என்றாள் தாய்.

"பிறை கண்டிரிக்கி ராத்தா, இந்த நேரம் எங்க போறீங்க?"

"வயல் வாடிக்கு."

"வாடிக்கா? பெருநாள் இரவிலயா?"

அவள் மகளை ஆட்டோவில் ஏற்றிப் பையை மடியில் வைத்தாள். அடுத்த தெருவில் இன்னொரு வெடி வெடித்தது. ஆட்டோவுக்குள் மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக் குனிந்தாள். மடியிலிருந்த பை சரிந்து, பூ வேலை செய்த பச்சை உடுப்பின் நுனி வெளியே தெரிந்தது. விலைச் சீட்டு இல்லாத, கையால் தைத்த உடுப்பு.

கட்டார்காரர் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வேன எடுக்கமாட்டன்," என்றார்.

தகப்பன் ஆட்டோவிலிருந்து பாதி இறங்கிவிட்டார். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் கட்டார்காரர் அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்டார்.

"கோவிக்காதீங்க காக்கா. வேன் இதுலயே நிக்கட்டும். நீங்க உள்ள போங்க. ராத்தா, புள்ளயக் கூட்டிட்டுப் போய்ப் பின்பக்க அறையில இருங்க, யன்னலச் சாத்துங்க." பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "டேய், எல்லாரும் நடங்க கடற்கரைக்கு! இஞ்ச கொளுத்தினா என்ன இரிக்கி, சுவரும் தண்ணித் தாங்கியும்தான். அங்க கொளுத்தினாக் கடலே வெளிச்சமாகும்!"

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை.

நான் அங்கேயே நின்று திருத்த அறிவித்தல் தட்டத் தொடங்கினேன். 'மேற்படி அறிவித்தலின்' என்று தட்டி முடிப்பதற்குள் மனைவி தொலைபேசியைப் பறித்துக் குரல் பதிவில் பேசிவிட்டாள்: "எல்லாரும் கேளுங்க. இண்டைக்கு இரவும் வளவுக்குள்ள வெடி இல்ல. சேர் எழுத மறந்துட்டார். கொளுத்திறவங்க கடற்கரைக்குப் போங்க. நாளைக்குச் சஹனுக்கு வெங்காயம் உரிக்கிறவங்க எங்கட வீட்டுக்கு வாங்க." முதலில் வெங்காயத்துக்கு வந்தவர்கள், நான் சொன்னேனே, பேசாமல் இருந்த அந்த ஐந்து வீட்டில் மூன்று வீட்டார்.

ஊர் முழுதும் வெடி நிற்கவில்லை. அதை எந்தக் குழுவாலும் நிறுத்த முடியாது. தூரத்துச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. கீழ்மாடிக் கதவை நான் பலதடவை எட்டிப் பார்த்தேன். பூட்டு விழவில்லை.

காலையில் முற்றத்தில் கடைசியாக நின்றவை அந்த வேனும் ஆட்டோவும்தான். தொழுகைக்குப் போகும்போது கட்டார்காரரே வேனை மைதானத்துக்கு எடுத்துப் போனார், பின்னால் ஆட்டோவும் போனது. திரும்பி வந்ததும் பாய் விரித்தோம். ஆண்கள் கேற்றுப் பக்கம், பெண்கள் படிக்கட்டுப் பக்கம், நடுவில் ஒரு சேலைத் திரை. சஹன்களை எண்ணினேன். பதினேழு. ஒவ்வொன்றோடும் ஒரு கோப்பை வட்டிலப்பம், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த பெருநாள் இனிப்பு. எங்கள் சஹனில் கட்டார்காரர், அந்த ஆட்டோக்காரத் தகப்பன், குழுத் தலைவர், இன்னும் இருவர், நான். தகப்பன் அதிகம் சாப்பிடவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் யாரோ விருந்தாளி கேற்றடியில் வந்து ஹோர்னை அமுக்கினார். நீளமான ஹோர்ன். கட்டார்காரர் சோற்றுக் கையோடு எழும்பி ஓடினார். "மைதானத்துக்கு! மைதானத்துக்கு!" என்று கத்தாமல், வாயை மட்டும் அசைத்து, இரண்டு கையையும் வீசினார்.

தகப்பனின் கை சஹனுக்கு மேலே நின்றுவிட்டது. என் கையும்தான். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு அடங்கியது. யாராவது எழும்பி ஓடும் சத்தத்துக்குக் காத்திருந்தோம்.

திரையின் ஓரம் விலகியது. என் மனைவியின் கை ஒரு வெறுங் கோப்பையை நீட்டியது.

"வட்டிலப்பம் இன்னும் இரிக்கா? பச்ச உடுப்புக்காரி ரெண்டாந்தரம் கேக்கிறா."

தகப்பன் எங்கள் சஹனில் இருந்த வட்டிலப்பத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தார். அது ஆறு பேருக்குரிய பங்கு. அவர் திரும்ப வந்து இருந்து, சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார்.